பச்சை என்று எழுதிய அறிக்கையை உடைத்து எழுதுவது எப்படி: தாமதத்தையும் ஆபத்தையும் நேராகச் சொல்லும் வாராந்திர அறிக்கை

கோவையில் பம்ப்செட்டும் மோட்டாரும் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். பழைய பில்லிங் மென்பொருளை விட்டுவிட்டுப் புதியதற்கு மாறுகிறார்கள். ஏப்ரல் 1 அன்று மாற வேண்டும். புது நிதியாண்டு, புது பில் எண் வரிசை, முந்தைய ஆண்டின் இருப்பை அப்படியே ஏற்றிக்கொள்ளலாம். அதனால்தான் அந்தத் தேதி. மென்பொருள் தரும் குழுவின் மேலாளர் பிப்ரவரி 20, வெள்ளி மாலை நிறுவனத்தின் இயக்குநருக்கு இப்படி ஓர் அறிக்கை தயார் செய்கிறார்:

> திட்டம் பெருமளவு திட்டமிட்டபடி சென்றுகொண்டிருக்கிறது. தரவு மாற்றும் பணி 90% முடிந்துள்ளது. இ-இன்வாய்ஸ் இணைப்பில் சில சிறு சிக்கல்கள் உள்ளன. குழு தீவிரமாகப் பணியாற்றி வருகிறது. வாடிக்கையாளர் தரப்பிலிருந்து சில தகவல்கள் எதிர்பார்க்கப்படுகின்றன. பயனர் சோதனை விரைவில் தொடங்கும். ஒட்டுமொத்த நிலை: பச்சை.

இதில் ஒரு பொய்கூட இல்லை. ஆனால் இயக்குநர் இதைப் படித்துவிட்டுச் செய்யக்கூடிய காரியம் ஒன்றும் இல்லை, மூடி வைப்பதைத் தவிர. இதைத் திருத்துவது மொழிநடை வேலை என்று நினைத்து உட்கார்ந்தால் "சில" என்பதை "ஒரு சில" ஆக்கிவிட்டு எழுந்துவிடுவோம். மங்கலான வாக்கியத்துக்குப் பின்னால் பெரும்பாலும் எழுதியவருக்கே தெரியாத ஒரு விஷயம் இருக்கும். அதைத் தேடிப் பிடிப்பதுதான் வேலையில் முக்கால்வாசி.

1. அடிக்கோடு போட்டுவிட்டு, போனை எடுங்கள்

முதலில் பதில் தராத சொற்களுக்கெல்லாம் அடிக்கோடு போடுங்கள். மேலே உள்ளதில் பெருமளவு, 90%, சில, சிறு, தீவிரமாக, எதிர்பார்க்கப்படுகின்றன, விரைவில், பச்சை. "90%" எண்தானே, அது எப்படி மங்கல் என்று கேட்கலாம். இந்த அறிக்கையிலேயே அதிகம் மறைக்கும் சொல் அதுதான். அடுத்து அதற்கே வருகிறேன்.

ஒவ்வோர் அடிக்கோட்டுக்கும் அந்த வேலையைக் கையில் வைத்திருப்பவரிடம் நேரே பேசுங்கள். "எப்போது முடியும்?" என்று கேட்காதீர்கள். அதற்கு "வர்ற வாரம் சார்" என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கும். மொத்தம் எத்தனை, எத்தனை முடிந்தது, மிச்சம் ஏன் மிச்சமாக இருக்கிறது, நேற்று எத்தனை முடித்தீர்கள் என்று கேளுங்கள். இந்த நாலுக்கும் பதில் வந்துவிட்டால் தேதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

2. சதவீதத்தை உடைத்துப் பாருங்கள்

தரவு மாற்றுபவரிடம் கேட்டபோது தெரிந்தது இது. மொத்த வாடிக்கையாளர் பதிவுகள் 6,200. அதில் 5,600 ஏறிவிட்டன. மிச்சம் 600. அதாவது 90%, சரிதான்.

ஆனால் அந்த 5,600-ம் ஒரே ஓட்டத்தில், ஒரு நிரலை ஓடவிட்டு ஏறியவை. மிச்சம் 600-ம் நிரல் தள்ளிவிட்டவை. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33, கேரளாவுக்கு 32. சில பதிவுகளில் எண் 32 என்று தொடங்குகிறது, முகவரியோ பொள்ளாச்சி. சிலவற்றில் பின்கோடே இல்லை. சிலருக்கு ஜிஎஸ்டி எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது. இவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, பழைய பில்லைப் பார்த்து, தேவைப்பட்டால் அந்தக் கடைக்காரருக்கே போன் செய்துதான் சரிசெய்ய முடியும். அதைச் செய்பவர் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஒருவர், அதுவும் மதியத்துக்கு மேல் மட்டும். ஒரு நாளைக்கு 30 முடிகிறது.

இப்போது கணக்கு போடுவோம். 600-ஐ 30-ஆல் வகுத்தால் 20 வேலை நாள். ஞாயிறு மட்டும் விடுமுறை என்று கொண்டால் பிப்ரவரி 21-இல் தொடங்கி மார்ச் 16-இல் முடியும். பயனர் சோதனை தொடங்க வேண்டியது மார்ச் 2. அதற்குச் சுத்தமான தரவு வேண்டும். சோதனைக்கு 12 வேலை நாள். மார்ச் 17-இல் தொடங்கினால் மார்ச் 30-இல் முடியும். சோதனையில் கண்டுபிடிக்கும் பிழைகளைத் திருத்த முதலில் ஒதுக்கியிருந்தது மார்ச் 15 முதல் 31 வரை. இப்போது மிஞ்சுவது மார்ச் 31, ஒரே ஒரு நாள்.

ஆக, "90% முடிந்தது" என்ற வரிக்குள் 13 வேலை நாள் தாமதம் ஒளிந்திருக்கிறது. யாரும் வேண்டுமென்று ஒளிக்கவில்லை. எளிதான பங்கு முதலில் முடியும், கடினமானது கடைசியில் தங்கும். சதவீதம் இரண்டையும் ஒரே எடையில் வைத்து எண்ணுவதால் வரும் கோளாறு இது. மூன்று வாரமாக ஒரு வேலை 90 சதவீதத்திலேயே நிற்கிறது என்றால் உள்ளே இப்படி ஏதோ இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

3. நடந்துவிட்டதையும் நடக்கக்கூடியதையும் ஒரே பத்தியில் கலக்காதீர்கள்

மேலே கண்டது தாமதம். அது நடந்துகொண்டிருக்கிறது, எண்ணிச் சொல்லலாம். இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசின் தளத்தில் பதிவு செய்யும் சங்கதி வேறு. அங்கே இன்னும் எதுவும் தவறவில்லை, தவறக்கூடும். இரண்டையும் "சிக்கல்கள்" என்ற ஒரே கூடையில் போட்டால், படிப்பவர் எதற்கு இன்று பணம் செலவழிப்பது, எதைக் கவனித்துக்கொண்டிருந்தால் போதும் என்று பிரிக்க முடியாது.

தாமதத்தை எழுதும்போது எத்தனை நாள், எதனால், அது அடுத்து எதைத் தள்ளுகிறது, மீட்க என்ன வழி என்று எழுதுங்கள். ஆபத்தை எழுதும்போது "இன்ன தேதிக்குள் இன்னது நடக்காவிட்டால் இன்னது ஆகும், அப்போது இதைச் செய்வோம்" என்ற அமைப்பில் எழுதுங்கள். அந்தத் தேதிதான் உயிர். தேதி இல்லாத ஆபத்து வாரா வாரம் நகல் எடுக்கப்பட்டு, மாற்றம் நடக்கும் நாள்வரை அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

இ-இன்வாய்ஸ் இணைப்பை எழுதும் நிரலரிடம் கேட்டால் வருவது: 40 வகைச் சோதனை பில்களில் 31 தேறிவிட்டன, 9 தேறவில்லை. ஒன்பதும் ஒரே காரணம். பில் ஒருவர் பெயரில், சரக்கு வேறு இடத்துக்குப் போகும் பில்கள் அவை. பழைய மென்பொருளில் சரக்கு போகும் முகவரி ஒரே நீள வரியாக இருக்கிறது. அரசின் பதிவுத் தளமோ ஊர், பின்கோடு, மாநிலக் குறியீடு மூன்றையும் தனித்தனியாகக் கேட்கிறது. பிரித்து எடுக்க நான்கு நாள் வேலை. ஆனால் முகவரிகள் கண்டபடி எழுதப்பட்டிருப்பதால் நான்கு நாளில் எல்லாம் பிரியுமா என்று அவருக்கே உறுதி இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. "சில சிறு சிக்கல்கள்" என்று படிப்பவர் மனத்தில் ஏதேதோ ஓடும். "ஒன்பது வகை, காரணம் ஒன்றே, அது இன்னது" என்றால் உண்மையில் கவலை குறைகிறது. வெளிப்படையாக எழுதினால் எப்போதும் மோசமாகத்தான் தெரியும் என்ற பயம் பாதி தப்பு.

ஆனால் விளைவைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அதுவும் படிப்பவரின் மொழியில் சொல்ல வேண்டும். இயக்குநருக்கு முகவரி பிரிப்பு பற்றி அக்கறை இல்லை. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டும் நிறுவனங்களுக்கு, வேறு தொழில் நிறுவனங்களுக்குப் போடும் பில்லில் இ-இன்வாய்ஸ் கட்டாயம். அரசுத் தளம் தரும் ஐஆர்என் எண் இல்லாவிட்டால் அது சட்டப்படி செல்லுபடியாகும் பில் அல்ல. வாங்கியவரின் உள்ளீட்டு வரி வரவும் சிக்கலாகும். ஒரு நாளைக்கு 150 பில் போடும் இடத்தில் இந்த வகை சுமார் 30 என்றால், ஐந்தில் ஒரு பில். இதைச் சொன்னால் அவருக்குப் புரியும்.

மாற்று வழியும் இருக்கிறது. அந்த 30 பில்களையும் மொத்தமாக ஒரு கோப்பாக்கி அரசுத் தளத்தில் கையால் ஏற்றலாம். ஒருவருக்கு அரை நாள் வேலை. அழகான வழி இல்லை, ஆனால் சரக்கு நிற்காது.

4. அடுத்தவரைக் குறிப்பிடும் முன் அவரிடம் பேசுங்கள்

"வாடிக்கையாளர் தரப்பிலிருந்து சில தகவல்கள் எதிர்பார்க்கப்படுகின்றன." யார் எதிர்பார்க்கிறார், யாரிடம், எதை, எப்போதிலிருந்து? இந்தப் "படுகின்றன" வாக்கியம் மரியாதைக்காக எழுதப்படுவது. ஆனால் படிக்கிற இயக்குநருக்கு அது தன் ஆட்கள்மீது சொல்லப்படும் மறைமுகக் குற்றச்சாட்டாகத்தான் கேட்கும்.

விஷயம் இது: மூன்று பிராண்டுகளுக்கான தள்ளுபடி விதிகள் விற்பனை மேலாளரிடமிருந்து வர வேண்டும். பிப்ரவரி 6 அன்று கேட்டது. சரி, அவர் பெயரைப் போட்டு எழுதிவிடலாமா? எழுதும் முன் ஒரு போன்.

"சார், தள்ளுபடி விதி இன்னும் வரலை. இன்றைய அறிக்கையில் இதைக் குறிப்பிடணும். அதற்கு முன்னாடி உங்களிடம் ஒரு வார்த்தை பேசிடலாம்னு கூப்பிட்டேன்."

"நான் அன்னைக்கே ஒரு கேள்வி கேட்டிருந்தேனே தம்பி. வருஷக் கடைசியில் தர்ற தள்ளுபடியும் இதில் சேருமா, சேராதா? யாரும் பதில் சொல்லலை."

இப்படித்தான் பெரும்பாலும் முடிகிறது. தடை அவர் பக்கம் மட்டும் இல்லை. போன் செய்யாமல் எழுதியிருந்தால் திங்கட்கிழமை அந்தக் கேள்வி எல்லோர் முன்னாலும் வந்திருக்கும். இப்போது எழுத வேண்டியது: "தள்ளுபடி விதிகள் பிப்ரவரி 6 அன்று கேட்கப்பட்டன. விற்பனை மேலாளர் கேட்ட விளக்கத்துக்கு எங்கள் பதில் இன்றுதான் போனது. பிப்ரவரி 27-க்குள் வந்தால் சோதனைக்குப் பாதிப்பு இல்லை." யாரையும் திட்டவில்லை, எதையும் மறைக்கவும் இல்லை. கடைசி வாக்கியம் முக்கியம். எந்தத் தேதிவரை பிரச்சினை இல்லை என்று சொன்னால் அவசரம் எவ்வளவு என்று தானாகத் தெரியும்.

அறிக்கையில் யாருடைய வேலை குறிப்பிடப்பட்டாலும், அந்த வரியை அவர் முதன்முதலாக அறிக்கையில் பார்க்கக் கூடாது. இது பண்பாடு மட்டுமல்ல. இப்படிப் பேசும்போதுதான் உங்கள் தகவலில் இருக்கும் ஓட்டைகள் தெரியவரும்.

5. வழிகளை விலையோடு வையுங்கள்

ஆக்கபூர்வமாக எழுதுவது என்றால் கடைசியில் "விரைவில் மீண்டு வருவோம்" என்று சேர்ப்பது அல்ல. படிப்பவர் கையில் ஒரு முடிவைக் கொடுப்பது. 13 நாள் தாமதத்துக்கு என்ன வழிகள்?

அ) கணக்குப் பிரிவில் இரண்டு பேரை முழு நேரமும் இதில் விடுவது. அரை நாளில் ஒருவர் 30 முடிக்கிறார் என்றால், முழு நாளில் இருவர் 120. இழுபறிக்கு இடம் விட்டு 100 என்று வைப்போம். பிப்ரவரி 23 முதல் 28 வரை ஆறு நாளில் முடியும். சோதனை மார்ச் 2 அன்றே தொடங்கலாம். மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கு 20-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் அந்த வாரம் கணக்குப் பிரிவுக்குச் சற்று மூச்சு விட நேரம் இருக்கும். ஆனாலும் அன்றாட வேலை பாதிக்கும்.

ஆ) 600 பேரில் கடந்த 12 மாதத்தில் சரக்கு வாங்கியவர்கள் யார் என்று பார்த்தால் 240. முதலில் அவர்களை மட்டும் முடிப்பது. 240-ஐ 30-ஆல் வகுத்தால் எட்டு நாள், மார்ச் 2 வரை. சோதனை மார்ச் 3. ஒரே ஒரு நாள் தாமதம், கூடுதல் ஆள் தேவையில்லை. விலை என்ன? மற்ற 360 பேர் ஏப்ரல் 1 அன்று புது மென்பொருளில் இருக்க மாட்டார்கள். அவர்களில் யாராவது வந்தால் அப்போதே புதிதாகப் பதிய வேண்டும்.

இ) மாற்றத்தை மே 1-க்குத் தள்ளுவது. ஒரு மாதப் பில்களையும் இருப்பையும் நடுவில் மாற்ற வேண்டும். ஒரே நிதியாண்டில் இரண்டு மென்பொருளின் கணக்கு.

மூன்றையும் வைத்துவிட்டு "தாங்கள் முடிவு செய்யவும்" என்று விட்டுவிடாதீர்கள். நீங்கள் எதைப் பரிந்துரைக்கிறீர்கள், ஏன் என்று சொல்லுங்கள். இங்கே நான் ஆ-வைத்தான் சொல்வேன். ஒரு வருடமாக எதுவும் வாங்காத 360 பேருக்காகத் தேதியைப் பணயம் வைக்கத் தேவையில்லை. முடிவு எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பதையும் எழுதுங்கள். அது இல்லாவிட்டால் அறிக்கை படிக்கப்படும், முடிவு எடுக்கப்படாது.

6. நிறத்துக்கு விதி வையுங்கள்

வெளியே பச்சை, வெட்டினால் சிவப்பு. இப்படிப்பட்ட திட்டங்களைத் தர்பூசணி என்று தொழிலில் கிண்டலாகச் சொல்வார்கள். லண்டனின் கிராஸ்ரெயில் ரயில்பாதை 2018 டிசம்பரில் திறக்க வேண்டியது. திறப்பு தள்ளிப்போகிறது என்று வெளியே அறிவித்தது 2018 ஆகஸ்ட் 31-இல், மூன்றே மாதத்துக்குச் சற்று மேல் இருக்கும்போது. நடுப்பகுதி கடைசியில் திறந்தது 2022 மே மாதம்.

நிறத்தை மனநிலைப்படி போடாமல் இருக்க ஒரு எளிய விதி போதும். எதுவும் மாறாமல் இப்படியே போனால் தேதி கிடைக்கும் என்றால் பச்சை. பெயர் சொல்லக்கூடிய ஒரு முடிவோ வேலையோ நடந்தால்தான் கிடைக்கும் என்றால் மஞ்சள். என்ன செய்தாலும் தேதி கிடைக்க வழி தெரியவில்லை என்றால் சிவப்பு. இந்த விதியை அறிக்கையின் அடியில் ஒரு வரியில் போட்டுவிடுங்கள். நம் உதாரணம் மஞ்சள்.

7. திருத்திய அறிக்கை

> நிலை: மஞ்சள். ஏப்ரல் 1 மாற்றம் சாத்தியம். அதற்கு பிப்ரவரி 25-க்குள் தங்களிடமிருந்து ஒரு முடிவு வேண்டும்.
>
> வேண்டிய முடிவு: கடந்த 12 மாதத்தில் கொள்முதல் செய்யாத 360 வாடிக்கையாளர்களை ஏப்ரல் 1-க்குப் பிறகு மாற்ற ஒப்புதல். இதையே பரிந்துரைக்கிறோம். ஒப்புக்கொண்டால் பயனர் சோதனை மார்ச் 3 அன்று தொடங்கும், ஒரு நாள் தாமதம். எல்லோரையும் ஏப்ரல் 1-க்குள் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், கணக்குப் பிரிவிலிருந்து இருவர் பிப்ரவரி 23 முதல் 28 வரை முழு நேரம் தேவை. அதைத் திங்கள் காலையிலேயே சொல்ல வேண்டும்.
>
> தாமதம்: 6,200 வாடிக்கையாளர் பதிவுகளில் 5,600 மாறிவிட்டன. மீதி 600-இல் ஜிஎஸ்டி எண், பின்கோடு பிழைகள் இருப்பதால் கையால் திருத்துகிறோம், ஒரு நாளைக்கு 30. இதே வேகத்தில் போனால் சோதனை மார்ச் 17-க்குத் தள்ளிப்போய், பிழை திருத்த ஒரு நாள்தான் மிஞ்சும். அண்மையில் கொள்முதல் செய்த 240 பதிவுகளை நாளை முதல் முன்னால் எடுக்கிறோம்.
>
> ஆபத்து: சரக்கு வேறு முகவரிக்குப் போகும் பில்களுக்கு (ஒரு நாளைக்குச் சுமார் 30) இ-இன்வாய்ஸ் இன்னும் உருவாகவில்லை. காரணம் தெரியும், திருத்தம் நடக்கிறது. மார்ச் 7-க்குள் சரியாகாவிட்டால், இந்தப் பில்களை மட்டும் அரசுத் தளத்தில் நேரடியாக ஏற்ற ஒருவருக்குப் பயிற்சி தருவோம். அவருக்குத் தினமும் அரை நாள் வேலை.
>
> காத்திருப்பது: மூன்று பிராண்டுகளின் தள்ளுபடி விதிகள். விற்பனை மேலாளர் கேட்ட விளக்கத்துக்கு எங்கள் பதில் இன்றுதான் போனது. பிப்ரவரி 27-க்குள் வந்தால் பாதிப்பு இல்லை.

முடிவு மேலே இருப்பதைக் கவனியுங்கள். முதல் இரண்டு பத்தியோடு படிப்பதை நிறுத்தினாலும் இயக்குநர் செய்ய வேண்டியதைச் செய்துவிடலாம். "துரதிர்ஷ்டவசமாக", "எவ்வளவோ முயன்றும்" போன்றவை எங்கும் இல்லை. உழைப்பு பற்றியும் ஒரு சொல் இல்லை. குழு தீவிரமாக உழைக்கிறது என்பது, நாளை முதல் எந்த 240 முன்னால் வருகிறது என்று சொல்வதிலேயே தெரிந்துவிடும்.

எதிர்ப் பக்கமும் ஒரு தவறு உண்டு. வெளிப்படையாக இருக்கிறேன் என்று பதினான்கு ஆபத்துகளை அடுக்கி வைப்பது. பதினான்கில் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் அவர் எதையும் பார்க்க மாட்டார். தேதியை அசைக்கக்கூடியவை மட்டும் இங்கே. மற்றவை குழுவின் பட்டியலிலேயே இருக்கட்டும்.

8. "கொஞ்சம் மென்மையா எழுதுப்பா"

அனுப்பும் முன் உங்கள் மேலதிகாரி இதைப் பார்த்தால் பெரும்பாலும் இந்த வரி வரும். சண்டை வேண்டாம். சொற்களை அவர் விருப்பத்துக்கு மாற்றலாம், வரிசையை மாற்றலாம், "தாமதம்" என்ற தலைப்பை "கால அட்டவணை" என்று வைக்கலாம். மாற்றக் கூடாதவை மூன்று: எண்கள், தேதிகள், வேண்டிய முடிவு. இவை இருந்தால் எவ்வளவு மென்மையாக எழுதினாலும் விஷயம் போய்ச் சேரும்.

நிறத்தைப் பச்சையாக்கச் சொன்னால் ஒரே கேள்வி கேளுங்கள்: "பிப்ரவரி 25-க்குள் முடிவு வரலைன்னா மார்ச் முதல் வாரம் நேரே சிவப்புன்னு போடணும் சார். அப்போ என்ன காரணம் சொல்றது?" பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் மஞ்சளுக்கு ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால், அறிக்கைக்கு முன்பே இயக்குநரிடம் அவரே பேசிவிடட்டும் என்று கேட்டுப் பாருங்கள். சில நிறுவனங்களில் கெட்ட செய்தி முதலில் வாயால் போய், பிறகுதான் எழுத்தில் போகும். அதில் தவறில்லை, எழுத்தில் கட்டாயம் போகும் என்றால்.

9. அடுத்த வாரம்

பிப்ரவரி 27 அறிக்கையின் முதல் பத்தி, 20-ஆம் தேதி சொன்னது என்ன ஆயிற்று என்பதாக இருக்கட்டும். முடிவு வந்ததா, 240-இல் எத்தனை முடிந்தன (ஆறு நாளில் 180 எதிர்பார்த்தோம், 170 என்றால் 170 என்றே எழுதுங்கள், ஏன் என்று ஒரு வரி), ஒன்பது பில் வகைகளில் எத்தனை தேறின, தள்ளுபடி விதி வந்ததா. பிறகுதான் புதியவை. போன வாரத்து ஆபத்து இந்த வாரம் காணாமல் போயிருந்தால், அது தீர்ந்ததா, வெறுமனே விட்டுப்போனதா என்று படிப்பவருக்குத் தெரியாது. தீர்ந்ததென்றால் தீர்ந்தது என்று ஒரு வரி எழுதி எடுத்துவிடுங்கள்.